ஓடுவதற்கு ஸ்போர்ட்ஸ் பிரா: டைட்டாக இருந்தால் போதுமா?

கேள்வி: தினமும் காலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். வழக்கமாக 36B போடுவேன். ஓடுவதற்கென்று M சைஸில், தலைவழியாகப் போடும் ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கினேன். மார்பு குலுங்குகிறது, ஓடி முடித்ததும் வலிக்கிறது, அடியில் தோல் உரிந்து எரிகிறது. இன்னும் டைட்டாக S வாங்கலாமா?

S வாங்காதீர்கள். S-ல் மார்பைச் சுற்றும் பட்டை மட்டும் சிறியதாகாது, மார்பு உட்காரும் இடமும் சேர்ந்தே சுருங்கும். உட்கார இடமில்லாத மார்பு துணியை முன்பக்கமாகத் தள்ளும். துணி முன்னால் போனால் அடிப்பட்டை விலாவை விட்டு எழும்பி மேலே ஏறும். அப்போது குலுங்கலும் குறையாது, உரசலும் கூடும். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளையும் சேர்த்துப் பார்த்தால், பட்டை உங்களுக்குத் தளர்வாக இருக்கிறது, கப் அமைப்பும் ஓட்டத்துக்கு ஏற்றதாக இல்லை என்றுதான் தோன்றுகிறது.

மார்பகத்துக்குள் அதைத் தூக்கிப் பிடிக்கும் தசை கிடையாது. மேல்தோலும் உள்ளே ஓடும் மெல்லிய இணைப்புத் திசுக்களும்தான் தாங்குகின்றன. ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் இரண்டு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்பி, பிறகு உடம்பு இறங்குகிறது. மார்பு அந்த அசைவைக் கொஞ்சம் தாமதமாகப் பின்தொடர்கிறது. மேலும் கீழும் மட்டும் அல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் கூட நகர்கிறது. அதனால்தான் மெதுவாக ஓடினாலும் அது ‘ஹை இம்பாக்ட்’ கணக்கில் வருகிறது. யோகாவுக்கும் நடைக்கும் லோ, சைக்கிளுக்கு மீடியம், ஓட்டத்துக்கு ஹை. A கப் ஆனாலும் இது மாறாது.

ஆனால் லேபிளில் ‘ஹை’ என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலில் சோதித்து அந்தச் சொல்லைப் போடுவதில்லை. பிராவைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள். தலைவழியாகப் போடும் பெரும்பாலான வகைகள் இரண்டு மார்பையும் ஒன்றாகச் சேர்த்து நெஞ்சோடு அழுத்துபவை. 1977-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் மூவரும் உருவாக்கிய முதல் ஸ்போர்ட்ஸ் பிராவும் இந்த அழுத்தும் வகைதான். ஆண்கள் விளையாட்டுக்குப் போடும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டை ஒட்டித் தைத்து அதன் முதல் மாதிரியைச் செய்தார்கள். சிறிய மார்புக்கு இந்த வகை நன்றாகவே வேலை செய்யும். C-க்கு மேல் போகும்போது அழுத்தம் மட்டும் போதாது. இரண்டும் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டி, வியர்வையில் தோலும் தோலும் உரசும்.

மற்றொரு வகையில் ஒவ்வொரு மார்புக்கும் தனித்தனிக் கப் இருக்கும். நடுவே ஒரு தையலோ துணித் தடுப்போ பிரித்து வைக்கும். இப்படித் தனிக் கப்பும் அதன்மேல் அழுத்தும் துணியும் சேர்ந்து, முதுகில் கொக்கியும் தோளில் கூட்டிக் குறைக்கும் வசதியும் உள்ள ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்வேன். கழற்றிப் போடும் பஞ்சுப் பேட் இருப்பதைக் கப் என்று எண்ண வேண்டாம். பேட் வடிவத்துக்காக வைத்தது, அது எதையும் தாங்காது. S, M, L என்று மட்டும் அளவு போட்டிருந்தால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். 34C-யும் 36B-யும் ஒரே M-க்குள் வந்துவிடும், இருவருக்கும் வேண்டிய பட்டையோ வேறு.

இனி அளவு. சென்டிமீட்டர் டேப் ஒன்று போதும். பேட் இல்லாத மெல்லிய பிரா போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். மார்புக்கு நேர் கீழே, முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் இறுக்கமாக அளக்க வேண்டும். அடுத்தது மார்பின் முழுப் பகுதியில், அழுத்தாமல், டேப் மேலே படிகிற அளவுக்கு மட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கு மார்பு கனத்து ஒரு சுற்றுப் பெரிதாகும். அந்த நாளில் ஒருமுறையும் மற்றொரு நாளில் ஒருமுறையும் அளந்து வைத்தால் நல்லது.

உதாரணத்துக்கு, கீழ் அளவு 76 செ.மீ., மேல் அளவு 92 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பல அட்டவணைகளில் 73 முதல் 77 செ.மீ. வரை பட்டை அளவு 34. இரண்டுக்கும் வித்தியாசம் 16 செ.மீ.; 34-ஆம் பட்டையில் 92 என்ற மேல் அளவு C கப்பில் விழும். ஆக 34C. இந்த அளவுள்ளவர் கடையில் 36B என்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்தால், கப் ஏறக்குறைய சரியாகவே இருக்கும், ஏனென்றால் 36B-யின் கப்பும் 34C-யின் கப்பும் கொள்ளும் அளவு ஒன்றுதான். கப்பின் எழுத்து தனியாக நிற்பதில்லை, பட்டை எண்ணோடு சேர்ந்துதான் அதற்கு அளவு வரும். பட்டை ஒன்று குறைந்தால் எழுத்து ஒன்று கூட வேண்டும். இதைத் தெரியாமல் 36B-யிலிருந்து 34B-க்குப் போகிறவர்கள் கப்பில் பிதுங்கி, ‘34 எனக்குச் சிறிது’ என்று திரும்ப 36-க்கே வந்துவிடுகிறார்கள். சாதாரண நாளில் தளர்ந்த பட்டை பெரிதாகத் தெரியாது. ஓடும்போது பெரும்பாலான தாங்கலும் பட்டையிலிருந்துதான் வர வேண்டும், அங்கேதான் அது காட்டிக்கொடுக்கும். சில நிறுவனங்கள் கீழ் அளவின் அங்குலத்தையே பட்டை எண்ணாக வைக்கின்றன. அங்கே இதே 76 செ.மீ. 30 ஆகிவிடும். அதனால் வாங்கும் நிறுவனத்தின் அட்டவணையில் சென்டிமீட்டர் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

டிரையல் ரூமில் அவசரப்படாதீர்கள். புதுப் பிராவை எப்போதும் மிகத் தளர்ந்த கொக்கியில் மாட்டிப் பாருங்கள். துணி நாளடைவில் இளகும், அப்போது உள் கொக்கிகளுக்குப் போக இடம் வேண்டும். முதல் நாளே மிக இறுக்கமான கொக்கியில்தான் நிற்கிறது என்றால் அந்தப் பட்டை உங்களுக்குப் பெரிது. போட்டதும் கொஞ்சம் முன்னால் குனிந்து, அக்குள் பக்கத்தில் தங்கிவிட்ட சதையைக் கையால் கப்புக்குள் இழுத்து விடுங்கள். பலர் இதைச் செய்யாமலே கப் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பட்டையைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. இரண்டு தோள் ஸ்ட்ராப்பையும் தோளிலிருந்து இறக்கி விடுங்கள். பட்டை நின்ற இடத்தில் நின்று, மார்பும் பெரிதாக இறங்காமல் இருந்தால் பட்டை சரி. முழுதும் சரிந்தால், இதுவரை தாங்கியது உங்கள் தோள்கள்தான். ஸ்ட்ராப் முதுகில் பின்னிச் சேர்ந்த மாடலில் இதைச் செய்ய முடியாது. அதற்கு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், பட்டை விலாவில் ஏறக்கூடாது. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், கைமுட்டி நுழையக்கூடாது. ஆழமாக மூச்சு இழுத்தால் முழு மூச்சும் வர வேண்டும். சாதாரண பிராவைவிட இறுக்கமாகத்தான் இருக்கும், மூச்சை மட்டும் பிடிக்கக்கூடாது.

கப்பில் பார்க்க வேண்டியது ஓரங்களை. மேல்விளிம்பிலோ அக்குளிலோ சதை வரப்பு போலப் பிதுங்கினால் கப் சிறிது, துணி சுருங்கி மடிந்தால் பெரிது. தனிக் கப் உள்ள பிராவில் நடுத்துணி நெஞ்செலும்பில் படிய வேண்டும். கம்பி இருந்தால் அது விலாவில் உட்கார வேண்டும், மார்புச் சதையின் மேல் அல்ல. ஸ்ட்ராப்புக்கு அடியில் இரண்டு விரல் போனால் போதும்.

பிறகு கண்ணாடிக்குப் பக்கவாட்டில் திரும்பி, அரை நிமிடம் நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி ஓடுங்கள். மார்பு உடம்போடு சேர்ந்து ஏறி இறங்கினால் நல்லது. உடம்பு இறங்கிய பிறகு அது தனியாக இறங்குவது தெரிந்தால் அந்தப் பிராவை வைத்துவிடுங்கள். கூச்சத்தால் பலர் விட்டுவிடும் சோதனை இதுதான், ஆனால் லேபிள் சொல்லாததை இது சொல்லிவிடும். ஆன்லைனில் வாங்கினால் டேக் அறுக்காமல் வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள்.

ஓடி வந்தபின் உடம்பில் விழும் தடங்களைக் கவனியுங்கள். பட்டை இருந்த இடத்தில் லேசான சிவப்புக் கோடு விழுந்து, சற்று நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. தோளில் பள்ளம் விழுந்திருந்தால், கழுத்தும் தோளும் வலித்தால், ஸ்ட்ராப்பைத் தளர்த்துவதற்கு முன் பட்டையைப் பாருங்கள். தளர்ந்த பட்டையின் வேலையை ஸ்ட்ராப் செய்துகொண்டிருக்கும். முதுகில் பட்டை வளைந்து மேலே ஏறியிருப்பதும் அதே கதைதான். நடு நெஞ்சில் புண் என்றால் இரண்டு மார்பும் ஒட்டி உரசுகிறது. உங்களுக்கு இருப்பது போல அடியில் உரிந்தால், பட்டை ஒவ்வொரு எட்டிலும் சற்று ஏறி இறங்குகிறது என்று பொருள். ஈரத் துணி அதை இன்னும் மோசமாக்கும். விடியற்காலையிலேயே காற்றில் ஈரம் கனக்கும் சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் பருத்திப் பிரா வியர்வையைக் குடித்து, கடைசிவரை காயாமல் கனமாகவே கிடக்கும். நைலான் அல்லது பாலியெஸ்டரோடு ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி எடுங்கள். பட்டை படும் இடத்தில் ஓடப் போகுமுன் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாகத் தடவலாம். ஏற்கெனவே உரிந்த தோல் ஆறும்வரை ஓட்டத்துக்கு இடைவெளி விடுங்கள். இரண்டு பிராவை ஒன்றின்மேல் ஒன்று போடுவதைப் பலர் செய்கிறார்கள். புதியது கிடைக்கும்வரை ஓரிரு நாளைக்குச் சமாளிக்கலாம், வழக்கமாக வேண்டாம். சூடும் உரசலும் கூடும், மூச்சும் பிடிக்கும்.

சரியான பிரா போட்டும் வலி ஒரு பக்கத்தில் ஒரே இடத்தில் இருந்தால், ஓடாத நாளிலும் இருந்தால், கட்டியோ காம்பில் கசிவோ தெரிந்தால், அது பிரா விஷயம் அல்ல. மருத்துவரைப் பாருங்கள்.

தினமும் ஓடுகிறீர்கள் என்பதால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் சாதாரண சோப்பால் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயப்போட வேண்டும். துணி மென்மையாக்கும் திரவமும் டிரையர் சூடும் எலாஸ்டிக்கைக் கெடுக்கும். மிக இறுக்கமான கொக்கிக்கு வந்தபிறகும் பட்டைக்குள் கைமுட்டி நுழைகிறது என்றால், வெளியே புதிதுபோலத் தெரிந்தாலும் அதை வீட்டு உடுப்பாக வைத்துக்கொண்டு ஓட வேறு வாங்குங்கள்.