கரண்ட் போனதும் வாஷிங் மெஷின் கதவு ஏன் திறப்பதில்லை?

"பாதி துவைக்கும்போது கரண்ட் போய்விட்டது. உள்ளே தண்ணீரும் துணியும் இருக்கிறது, கதவு திறக்கவில்லை. என்ன செய்வது?"

முன்பக்கக் கதவு மெஷின்களில் கதவைப் பிடித்து வைப்பது டோர் லாக். பலவற்றில் அதனுள் ஒரு சின்ன வில்லை மின்சாரத்தில் சூடாகி, உலோகத் தகட்டை வளைத்துப் பூட்டுகிறது. அணைத்த இஸ்திரிப் பெட்டி போல அது ஆற ஓரிரு நிமிடம் ஆகும், அப்புறம் தானே விடும். சில மாடல்கள் கரண்ட் வந்தால்தான் விடும்.

நேரமாகும் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். தண்ணீர் கதவின் கீழ் விளிம்புக்கு மேல் நின்றால், கீழே உள்ள ஃபில்டர் மூடிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, மெல்லத் திருகி வடியுங்கள். சுடுதண்ணீர் வாஷ் என்றால் ஆறட்டும். அதற்கும் கதவு திறக்காவிட்டால், பல மாடல்களில் அந்த மூடிக்குப் பக்கத்திலேயே அவசரத்துக்கு இழுக்கும் பட்டை இருக்கும்.

கரண்ட் போனால் பூட்டும் உடனே போய்விடும் என்று நினைத்துப் பலமாக இழுத்தால், கைப்பிடிதான் உடையும்.