தடைக்காலத்தில் குடித்தது ஆவணியில் கொட்டுகிறது: மருத்துவர் பதில்கள்

எங்க வீட்டுக்காரருக்கு 43 வயது, விசைப்படகில் வேலை. பல வருடக் குடி, இந்தத் தடைக்காலத்தில் ரொம்பவே கூடிவிட்டது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து சீப்பிலும் தலையணையிலும் கொத்துக் கொத்தாக முடி. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்கிறார். ரத்தத்தில் ஜிங்க் 54 என்று வந்திருக்கிறது. மாத்திரை கொடுத்தால் போதுமா?
– பாம்பன் வாசகி

உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், அம்மா. உப்புத் தண்ணீர் முடியின் தண்டைத்தான் கெடுக்கும், முடி நடுவில் ஒடியும். விழுவதில் பெரும்பாலானவற்றின் ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அவை வேரிலிருந்து கழன்றவை. அப்படியென்றால் காரணம் உடம்புக்குள் இருக்கிறது.

உடம்பு அடிபட்டதும் முடி விழுந்துவிடாது. வேர் முதலில் ஓய்வுக்குப் போகும், இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கழலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாமல், சோறு இறங்காமல் குடித்திருந்தால் அதன் கணக்கு ஆகஸ்டில் தீர்வது இயல்புதான். ஆனால் நெற்றி ஓரமும் உச்சியும் மட்டும் ஏறிக்கொண்டே போனால் அது பரம்பரை வழுக்கை, ஜிங்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதிகக் குடி ஜிங்க்கைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது, குடல் அதை உறிஞ்சுவதையும் குறைக்கிறது. சாப்பாடும் குறைவு என்றால் சொல்லவே வேண்டாம். 70-க்குக் கீழே குறைவு என்பதால் 54-ஐ அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. ரத்தத்தில் ஜிங்க்கைப் பெரும்பாலும் சுமப்பது கல்லீரல் செய்யும் ஆல்புமின் என்ற புரதம். அது 2.7 போலக் குறைந்திருந்தால், சுமக்க ஆளில்லாமலேயே ஜிங்க் அளவு இறங்கித் தெரியும். அப்போது முதலில் கவனிக்க வேண்டியது கல்லீரலை. ஆல்புமின் 4 பக்கத்தில் இருந்தும் ஜிங்க் 54 என்றால் நிஜமான பற்றாக்குறைதான். ஆகவே ஆல்புமினையும், கூடவே இரும்புச்சத்து, தைராய்டையும் பாருங்கள்.

அவரிடம் இன்னும் சில கேளுங்கள். சாப்பாட்டில் ருசி தெரிகிறதா? மீன்முள் குத்திய புண் ஆற நாளாகிறதா? இரவில் வலை இழுக்கும்போது கண் மங்குகிறதா? விழித்திரையில் வைட்டமின் ஏ வேலை செய்ய ஜிங்க் வேண்டும். அதற்காக ஏ வைட்டமினை நீங்களாக வாங்கித் தராதீர்கள். அது மிஞ்சினால் முடி உதிரும், குடிப்பவரின் கல்லீரலையும் கெடுக்கும்.

பற்றாக்குறை உறுதியானால் மருத்துவர் சில வாரங்களுக்கு ஜிங்க் மாத்திரை எழுதுவார். சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும். ஏற்றுமதிக்குப் போகும் நண்டில் இரண்டை வீட்டிலும் வையுங்கள், அதில் ஜிங்க் நன்றாகவே இருக்கிறது. குடி தொடர்ந்தால் உள்ளே போவதெல்லாம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர். குடி நின்று சாப்பாடு சரியானால் உதிர்வது சில மாதங்களில் குறையும், தலை நிறைந்து தெரிய வருடம்கூட ஆகலாம்.

இரவில் கெண்டைக்கால் குரக்கு பிடிக்கிறது, கை நடுங்குகிறது, முடியும் கொட்டுகிறது. மெக்னீசியம் 1.8, நார்மல் என்கிறார்கள்.
– தொண்டி வாசகர்

உடம்பின் மெக்னீசியத்தில் சுமார் ஒரு சதவீதம்தான் ரத்தத்தில் இருக்கிறது. எலும்பிலும் தசையிலும் கையிருப்பு தீர்ந்த பிறகும் ரத்த அளவு சரியாகவே காட்டலாம். குடி சிறுநீரகம் வழியாக மெக்னீசியத்தை வெளியேற்றும், வயிற்றுப்போக்கு இருந்தால் இன்னும் போகும். பொட்டாசியத்தையும் பாருங்கள். எவ்வளவு கொடுத்தும் அது ஏறவில்லை என்றால் மெக்னீசியம் குறைந்திருப்பதற்கு நல்ல அடையாளம். நெஞ்சு படபடத்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மெக்னீசியம் மாத்திரையைச் சொந்தமாகப் போடக் கூடாது. கை நடுக்கம் குடி இறங்கும் நேரத்து நடுக்கமாகவும் இருக்கலாம், காலையில் அதிகமா என்று கவனியுங்கள்.

முடிக்கும் மெக்னீசியத்துக்கும் நேரான தொடர்பு பெரிதாக நிரூபணமாகவில்லை. உங்களுக்கு அவசரம் முடி அல்ல, தம்பி.

ஜிங்க் 50 மில்லிகிராம், தினம் இரண்டு, ஐந்து மாதமாகப் போடுகிறேன். இப்போது பாதம் மரத்துப்போகிறது.
– தேவிபட்டினம் வாசகர்

இன்றே நிறுத்துங்கள். நாளுக்கு 40-க்கு மேல் நீண்ட நாள் போனால் ஜிங்க் குடலில் தாமிரத்தை உறிஞ்ச விடாது. தாமிரம் குறைந்தால் ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, நரம்புப் பாதிப்பு வரும். முழு ரத்தப் பரிசோதனை, தாமிரம், பி12 மூன்றையும் பாருங்கள். குடியும் நரம்பைக் கெடுக்கும் என்பதால் மாத்திரை, குடி இரண்டையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முடிக்காகவாவது நாளையே குடியை விடப் போகிறேன். தினம் இரண்டு குவார்ட்டர்.
– ராமேஸ்வரம் வாசகர்

விடுங்கள், ஆனால் தனியாகப் படகில் இருக்கும்போது வேண்டாம். இந்த அளவு குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதையடுத்துப் பிதற்றலும் குழப்பமும் வரலாம். மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்துங்கள். அங்கே குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ கூடவோ தயமின் ஊசி போடச் சொல்லி, உங்கள் குடியளவை நேராகச் சொல்லிவிடுங்கள்.