கிரான்பெர்ரியும் டி-மேனோஸும் சிறுநீர்த் தொற்று திரும்ப வராமல் தடுக்குமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு வருடத்தில் நான்கு முறை யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துவிட்டது. டாக்டர் கிரான்பெர்ரியும் டி-மேனோஸும் கலந்த மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். இதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறதா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா?

பதில்:

மருந்தாளுநராகப் பணிபுரிவதால் இந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு நாள்தோறும் உண்டு. ஒரே அட்டையில் அடைத்து விற்கப்பட்டாலும் இந்த இரண்டு பொருள்களின் ஆதாரமும் ஒரே தரத்தில் இல்லை. கிரான்பெர்ரிக்கு உங்களைப் போன்ற பெண்களிடம் ஓரளவு நம்பத்தக்க ஆதாரம் இருக்கிறது. டி-மேனோஸுக்கு ஒரு காலத்தில் இருந்ததாகத் தோன்றிய ஆதாரம் 2024ஆம் ஆண்டில் பெருமளவு சரிந்துவிட்டது.

டி-மேனோஸ் என்பது குளுக்கோஸுக்கு நெருங்கிய உறவான ஒரு சர்க்கரை. சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான ஈ.கோலை பாக்டீரியாவின் உடலில் மெல்லிய இழைகள் உண்டு. அவற்றின் நுனியில் உள்ள ஒரு புரதம், சிறுநீர்ப்பையின் உட்சுவரில் இருக்கும் மேனோஸைப் பற்றிக்கொள்கிறது. சிறுநீரிலேயே டி-மேனோஸ் மிதந்துகொண்டிருந்தால் பாக்டீரியா சுவரை விட்டுவிட்டு அதைப் பற்றிக்கொண்டு, சிறுநீரோடு வெளியேறிவிடும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆய்வகத்தில் இது நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் நடப்பதெல்லாம் மனித உடலிலும் நடந்துவிடுவதில்லை.

மனிதர்களிடம் இதற்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தது குரோவேஷியாவில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு. அடிக்கடி தொற்று வரும் 308 பெண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 2 கிராம் டி-மேனோஸைத் தண்ணீரில் கலந்தும், இன்னொரு பிரிவினருக்கு நைட்ரோஃபுரான்டோயின் என்ற ஆன்டிபயாடிக்கையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் கொடுக்கவில்லை. டி-மேனோஸ் பிரிவில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கும், ஆன்டிபயாடிக் பிரிவில் 20 சதவீதத்தினருக்கும், எதுவும் எடுக்காதவர்களில் 60 சதவீதத்தினருக்கும் தொற்று திரும்பியது. பார்ப்பதற்குப் பிரமாதமான எண்கள்தான். ஆனால் அந்த ஆய்வில் போலி மருந்து கொடுக்கப்பட்ட பிரிவே இல்லை. தாம் எதை எடுக்கிறோம், எதையும் எடுக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு போன்ற அறிகுறிகளைச் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் நோயாளியே என்பதால், இந்த நோயில் அந்தக் குறையைச் சிறியதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தக் குறையைச் சரிசெய்த ஆய்வு பிரிட்டனில் நடந்து 2024இல் வெளியானது. 598 பெண்களில் ஒரு பாதிக்கு 2 கிராம் டி-மேனோஸ் தூளும், மறு பாதிக்குத் தோற்றத்திலும் இனிப்பிலும் அதைப் போன்ற ஃபிரக்டோஸ் தூளும் ஆறு மாதம் தரப்பட்டன. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. தொற்று என்று சந்தேகித்து மருத்துவ உதவியை நாடியவர்கள் டி-மேனோஸ் பிரிவில் 51 சதவீதம், ஃபிரக்டோஸ் பிரிவில் 55.7 சதவீதம். தற்செயலாகவே ஏற்படக்கூடிய அளவு வித்தியாசம்தான் இது. இதற்குப் பிறகும் டி-மேனோஸுக்கென்று தனியாகப் பணம் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தவிர, நம் ஊரில் விற்கும் கலவை மாத்திரைகள் பலவற்றில் 600 மில்லிகிராம் போன்ற அளவே இருக்கிறது. 2 கிராமே பயன் தராத நிலையில் அதைவிடக் குறைந்த அளவு தரும் என்று நம்ப முகாந்திரம் இல்லை.

கிரான்பெர்ரியின் பயணம் இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2012இல் 24 ஆய்வுகளைப் பார்த்துவிட்டுப் பெரிய பயனில்லை என்றது. 2023இல் 50 ஆய்வுகளையும் ஏறத்தாழ 8,900 பேரின் தரவுகளையும் வைத்துப் பார்த்தபோது முடிவு மாறியது: அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம், சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் உறுதியான தொற்று வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம் குறைகிறது, குழந்தைகளிடம் சுமார் பாதியாகிறது. அதே தொகுப்பு, முதியோர் இல்லங்களில் வாழும் முதியவர்கள், கர்ப்பிணிகள், நரம்புக் கோளாறால் சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாதவர்கள் ஆகியோரிடம் பயன் தென்படவில்லை என்றும் சொல்கிறது. ஆகவே பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே டப்பா வாங்குவதில் பொருளில்லை.

அந்த 26 சதவீதம் என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. உங்களைப் போன்ற 100 பெண்களில், எதுவும் எடுக்காவிட்டால் அடுத்த சில மாதங்களில் 50 பேருக்குத் தொற்று திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் கிரான்பெர்ரி எடுத்தால் அது ஏறத்தாழ 37 ஆகும். 13 பேர் தப்பிக்கிறார்கள். 37 பேர் மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருந்தும் தொற்றுக்கு ஆளாகிறார்கள். மீதி 50 பேருக்கு எடுக்காவிட்டாலும் வந்திருக்காது. உங்களுக்கு ஒரு முறை வந்துவிட்டதால் மாத்திரை தோற்றுவிட்டது என்றோ, வராததால் வென்றுவிட்டது என்றோ சொல்லிவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

வாங்கும்போது லேபிளில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கிரான்பெர்ரியில் பாக்டீரியா ஒட்டுவதைத் தடுப்பதாகக் கருதப்படுவது புரோஆந்தோசயனிடின் என்ற பொருள், சுருக்கமாக பி.ஏ.சி. என்பார்கள். நாளொன்றுக்கு 36 மில்லிகிராம் பி.ஏ.சி. என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. கிரான்பெர்ரி எடுத்துக்கொண்டவர்களின் சிறுநீரில் பாக்டீரியா ஒட்டும் தன்மை குறைகிறதா என்று அளந்து பெறப்பட்ட எண் அது. தொற்றுகளை எண்ணிப் பெறப்பட்டதல்ல. இருந்தாலும் கையில் உள்ள அளவுகோல் அதுதான். “கிரான்பெர்ரி எக்ஸ்ட்ராக்ட் 300 மி.கி.” என்று மட்டும் அச்சிட்டு, அதில் பி.ஏ.சி. எவ்வளவு என்று சொல்லாத அட்டையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கிரான்பெர்ரி என்ற பெயரில் திராட்சை விதைச் சாற்றைக் கலந்து விற்பதும் நடந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் இனிப்பூட்டிய ஜூஸோ, சர்க்கரை தோய்த்த உலர்பழமோ இதற்கு மாற்றாகாது.

மாத்திரைக்கு முன் வேறு இரண்டைக் கவனிக்கச் சொல்வேன். முதலாவது, நான்கு முறையும் கல்ச்சர் எடுக்கப்பட்டதா, அதில் ஈ.கோலைதான் வந்ததா என்பது. புரோட்டியஸ் போன்ற வேறு கிருமி மீண்டும் மீண்டும் வந்தால் சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டாவது, தண்ணீர். 2018இல் வெளியான பல்கேரிய ஆய்வில், குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த 140 பெண்களில் ஒரு பிரிவினரை நாளொன்றுக்குக் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிக்க வைத்தபோது, ஓராண்டில் சராசரியாக 3.2 தொற்றுகள் வர வேண்டிய இடத்தில் 1.7 வந்தன. ஏற்கெனவே நிறையக் குடிப்பவருக்கு இது பொருந்தாது. காலையில் வேலைக்குப் போய் மாலை வீடு திரும்பும்வரை கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரையே தவிர்ப்பவர்களுக்கு நன்றாகவே பொருந்தும்.

கிரான்பெர்ரியை முயல்வதானால் ஆறு மாதம் எடுத்துப் பாருங்கள். தொற்று வரும் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் தொடங்குமுன் கல்ச்சர் கொடுத்து, தேதியைக் குறித்து வையுங்கள். முந்தைய ஆறு மாதத்தைவிட எண்ணிக்கை குறையவில்லையென்றால் நிறுத்திவிடலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றை இந்த இரண்டுமே குணப்படுத்தா. குளிர்காய்ச்சலோ விலாப் பக்கத்தில் வலியோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.