பைபாஸ் செலவுக்குக் கடன்: திரும்பி வரும் பணமும் வராத பணமும்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் 14 வருடமாக வேலை. போன மாதம் ஆஞ்சியோகிராம் செய்து பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலை 18 இலட்சம் கேட்கிறது. ஹோட்டல் எடுத்துத் தந்த காப்புறுதியில் வருடத்துக்கு 10 இலட்சம் இருக்கிறது. ஆஞ்சியோகிராம் செலவு 180,000 ரூபாயை அதில்தான் தந்தார்கள். கையில் இரண்டரை இலட்சம் உண்டு. மிச்சத்தைக் கடனட்டையில் 12 மாத வட்டியில்லாத் தவணையாகக் கட்டலாம் என்று வைத்தியசாலையில் சொல்கிறார்கள். அட்டையில் 6 இலட்சம் வரை எடுக்கலாம். என் 10 பவுண் நகைக்கு வங்கியில் 15 இலட்சம் வரை தரலாம் என்றார்கள். தவணையா, அடைவா, எது நல்லது? (வாசகி, உப்புவெளி)

பதில்: உங்களுக்கு வேண்டியிருப்பது இரண்டு வெவ்வேறு கடன்கள். காப்புறுதி நிறுவனம் பிறகு தரப்போகும் பணம் இன்று கையில் இல்லை என்பதற்காக வாங்கும் கடன் ஒன்று. அது இரண்டொரு மாதத்தில் தீர்ந்துவிடும். காப்புறுதி ஒருபோதும் தராத பங்குக்காக வாங்கும் கடன் மற்றது. அதை உங்கள் வருமானத்திலிருந்து ஒரு வருடமோ அதற்கு மேலோ கட்ட வேண்டியிருக்கும். முதலாவதற்கு அடைவுதான் பொருத்தம். இரண்டாவதில் ஒரு பகுதியை மட்டும் தவணைக்கு விடலாம். முழுவதையும் விட வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் காப்புறுதித் தொகையைச் சரியாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பத்து இலட்சம் என்பது வருட எல்லை. ஆஞ்சியோகிராமும் அதே காப்புறுதி ஆண்டுக்குள் நடந்திருந்தால், மீதி 820,000 ரூபாய்தான். அதுவும் முழுமையாகக் கிடைக்கும் என்று இப்போதே எண்ண வேண்டாம். ஊழியர் குழுக் காப்புறுதிகள் பலவற்றில் வருட எல்லைக்குக் கீழே, ஒரு தடவை அனுமதிக்கப்படுவதற்கான எல்லை என்று ஒன்றும், இருதய சத்திரசிகிச்சைக்கான தனி எல்லை என்று இன்னொன்றும் இருக்கும். ஹோட்டலின் மனிதவளப் பிரிவில் வாய்மொழியாகக் கேட்டால் "பத்து இலட்சம்" என்ற அதே பதில்தான் வரும். ஆகவே இன்றைய மீதி எவ்வளவு, பைபாஸுக்குத் தனி எல்லை உண்டா, காப்புறுதி ஆண்டு எந்தத் திகதியில் முடிகிறது என்ற மூன்று கேள்விகளையும் மின்னஞ்சலில் எழுதி, காப்புறுதி நிறுவனத்தின் பதிலை எழுத்திலேயே பெற்றுத் தரும்படி கேளுங்கள். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. காப்புறுதி ஆண்டு அடுத்த மாதம் புதுப்பிக்கப்படுவதாக இருந்து, சத்திரசிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிவைப்பதில் ஆபத்தில்லை என்று இருதய வைத்திய நிபுணரே சொன்னால், புதிய ஆண்டின் முழு எல்லையும் உங்களுக்குக் கிடைக்கக்கூடும். ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய்க்குப் புதிய ஆண்டில் கட்டுப்பாடு ஏதும் உண்டா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். திகதியைத் தீர்மானிப்பவர் வைத்தியராகவே இருக்க வேண்டும். அவர் சம்மதிக்காமல் காப்புறுதிக்காக ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

அறை வாடகை பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று பத்திரத்தில் எல்லை போட்டிருந்தால், அதற்கு மேற்பட்டதை நிறுவனம் கழித்துவிடும். உங்கள் விடயத்தில் மொத்தப் பில் காப்புறுதி எல்லையை விட மிகப் பெரியது என்பதால், அந்தக் கழிவு வரும் பணத்தைப் பெரும்பாலும் குறைக்காது. ஆனால் எல்லைக்கு மேற்பட்ட ஒவ்வொரு ரூபாயும் உங்கள் கையிலிருந்தே போவதால், கூடிய அறையின் மேலதிகச் செலவு முழுவதும் உங்களுடையதாகிவிடும். சாதாரண அறையைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது உத்தரவாதக் கடிதம். காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் அந்த வைத்தியசாலை இருந்தால், அனுமதிக்கு முன்பே நிறுவனம் தன் பங்கை ஏற்பதாக வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுக்கும். அந்தத் தொகைக்கு நீங்கள் கடன்படத் தேவையில்லை. பட்டியலில் இல்லாவிட்டால் 18 இலட்சத்தையும் நீங்களே கட்டிவிட்டு, பில்களை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். ஒரு வைத்தியசாலையில் 18 இலட்சம், இன்னொன்றில் 19 இலட்சம் என்று இருந்து, இரண்டாவதுதான் பட்டியலில் இருக்கிறது என்றால், கடன்படும் தொகை அங்கே குறைவு என்பதையும் எண்ணிப் பாருங்கள். இடையில் ஒன்று: பைபாஸ் கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகளில் இலவசமாகவே செய்யப்படுகிறது. எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதே அங்குள்ள கேள்வி. அந்தக் காத்திருப்பு உங்கள் கணவருக்குப் பாதுகாப்பானதா என்று நிபுணரிடம் நேரே கேட்ட பிறகே கடன் பேச்சைத் தொடருங்கள்.

இனி, வட்டியில்லாத் தவணை. இது வைத்தியசாலை தரும் கடன் போலத் தோன்றினாலும், உண்மையில் உங்கள் கடனட்டை வங்கி தருவது. வட்டி இல்லை என்றாலும் கையாளும் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகை தொடக்கத்திலேயே அறவிடப்படலாம். அது 6 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 6 இலட்சத்துக்கு 36,000 ரூபாய். மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே போவதால், வருடம் முழுவதும் சராசரியாக உங்களிடம் இருக்கும் கடன் 325,000 ரூபாய் அளவில்தான். அப்படிப் பார்த்தால் உண்மையான செலவு வருடத்துக்கு ஏறத்தாழ 11 வீதம். மோசமான வீதம் என்று சொல்ல மாட்டேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அட்டையைத் தேய்த்தவுடன் தொகை தானாகத் தவணையாக மாறிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. பல வங்கிகளில் குறிப்பிட்ட நாட்களுக்குள் நீங்கள் அழைத்துச் சொல்லி மாற்ற வேண்டும், தவறினால் முழுத் தொகைக்கும் சாதாரண அட்டை வட்டி ஓடத் தொடங்கும். காப்புறுதிப் பணம் வந்து முன்கூட்டியே கட்டி முடித்தாலும், தொடக்கத்தில் அறவிட்ட கட்டணம் பொதுவாகத் திரும்பி வராது. இரண்டு மாதத்தில் திரும்பி வரப்போகும் பணத்துக்காக 12 மாதக் கட்டணத்தைக் கொடுப்பதில் பொருளில்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் வீட்டு வருமானத்தின் இயல்பு. நிலாவெளி ஹோட்டல்களில் சம்பளத்தோடு சேவைக் கட்டணமும் சேர்ந்துதான் குடும்பம் ஓடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை அது நன்றாக வரும்; வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் அறைகள் காலியாகி, அது ஒரு சிறு தொகையாகச் சுருங்கிவிடும். பைபாஸுக்குப் பிறகு உங்கள் கணவர் இரண்டு மூன்று மாதமாவது வீட்டில் இருக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்த மாதங்களில் சேவைக் கட்டணம் கிடைக்குமா என்பதும் சந்தேகம். 6 இலட்சத்தைத் தவணையாக்கினால் மாதம் 50,000 ரூபாய் நவம்பரிலும் டிசெம்பரிலும் தவறாமல் கட்ட வேண்டும். ஒரு மாதம் தவறினால் அந்தத் தவணைக்கு அட்டை வட்டியும் தாமதக் கட்டணமும் சேரும்.

அடைவில் அந்த நெருக்கடி இல்லை. வட்டி வைத்திருந்த காலத்துக்கு மட்டுமே. பணம் வந்த அன்றே மீட்கலாம். மாதத் தவணை என்று ஒன்று இல்லை. பொதுவாக ஒரு வருடத்துக்குள் மீட்கவோ புதுப்பிக்கவோ வேண்டும், தவறினால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதே அதன் எல்லை. வங்கியின் அடைவுப் பிரிவில் வேலை செய்த காலத்தில் நான் அடிக்கடி கண்ட தவறு ஒன்றைச் சொல்கிறேன். மகனின் சிகிச்சைக்காக வந்த ஒரு தாய், தாலிக்கொடி, இரண்டு சங்கிலி, நான்கு காப்பு எல்லாவற்றையும் ஒரே சீட்டில் வைத்துவிட்டார். காப்புறுதிப் பணம் பாதியளவு வந்தபோது தாலிக்கொடியை மட்டும் மீட்க விரும்பினார். ஒரே சீட்டு என்பதால் முழுத் தொகையையும் கட்டினால்தான் எதையும் எடுக்கலாம் என்று கூறப்பட்டது. கருமபீடத்தில் அவர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் முதல் நாளே தனித்தனிச் சீட்டுகளாகக் கேளுங்கள்.

நூற்றுக்குப் பத்து என்று அன்றே தரும் மீட்டர் வட்டியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஓர் இலட்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய். வருடத்துக்கு 120 வீதம்.

கடனல்லாத இரண்டு வழிகளும் உண்டு. ஊழியர் சேமலாப நிதியில் 10 வருடச் சேவையும் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் மீதியும் உள்ள அங்கத்தவர், வீட்டுத் தேவைக்கோ மருத்துவச் சிகிச்சைக்கோ தன் மீதியில் 30 வீதத்தை முன்கூட்டியே பெறலாம். உங்கள் கணவரின் கணக்கில் 14 இலட்சம் இருந்தால், அது 420,000 ரூபாய். விண்ணப்பம் தொழில் திணைக்களம் ஊடாகப் போவதால் பணம் சத்திரசிகிச்சை நாளுக்குள் வரும் என்று எண்ண வேண்டாம். அடைவை மீட்கத்தான் அது உதவும். மற்றது ஜனாதிபதி நிதியம். 2025ஆம் ஆண்டிலிருந்து அதற்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். குடும்ப வருமானம் பார்க்கப்படும். சத்திரசிகிச்சைக்கு முன்னரே போய் விசாரியுங்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 18 இலட்சத்தில் காப்புறுதியின் 820,000 போக, 980,000 ரூபாய் உங்கள் பங்கு. கையிலுள்ள 250,000 ரூபாயில் ஓர் இலட்சத்தைத் தொடாதீர்கள். கொழும்பில் தங்கும் செலவு, வாகனம், வீடு திரும்பிய பின் மருந்து எல்லாம் எந்த மதிப்பீட்டிலும் இராது. மீதி 150,000 ரூபாயைக் கட்டினால், 830,000 வேண்டும். அதில் 3 இலட்சத்தை மட்டும் தவணையாக்குங்கள். மாதம் 25,000 ரூபாய், மழைக்காலத்திலும் சமாளிக்கலாம். 530,000 ரூபாயை அடைவில் எடுங்கள். வட்டி வருடத்துக்கு 14 வீதம் என்றால் மாதம் சுமார் 6,200 ரூபாய் சேரும். சேமலாப நிதியின் 420,000 வந்ததும் அதில் பெரும் பகுதி தீர்ந்துவிடும்.

உத்தரவாதக் கடிதம் கிடைக்காவிட்டால், மேலும் 820,000 ரூபாயை வேறு சீட்டுகளில் அடைவு வையுங்கள். மொத்த அடைவு 1,350,000 ரூபாய். வங்கி சொன்ன 15 இலட்சத்துக்குள் அடங்குகிறது. காப்புறுதிப் பணம் வர இரண்டு மாதமானால், அந்தப் பங்குக்கான வட்டி ஏறத்தாழ 19,000 ரூபாய். எஞ்சும் 150,000 ரூபாய்ப் பெறுமதிக்கான நகையைக் கையில் வைத்திருங்கள், ஏனெனில் 18 இலட்சம் என்பது மதிப்பீடு மட்டுமே. தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாட்கள் அதில் சேர்க்கப்பட்டுள்ளன என்று முன்பே கேட்டு, அனுமதித்த பின் நாள்தோறும் இடைக்காலப் பில்லை வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக, காகிதங்கள். காப்புறுதி நிறுவனம் மூலப் பில்லையும் டயக்னோசிஸ் கார்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும். சேமலாப நிதிக்கும் ஜனாதிபதி நிதியத்துக்கும் அதே ஆவணங்கள் தேவைப்படலாம். வைத்தியசாலையை விட்டு வெளியேறும் அன்றே, கணக்குப் பிரிவில் முத்திரையிட்ட மூன்று பிரதிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், திருகோணமலைக்குத் திரும்பிய பிறகு அதற்காக மட்டும் ஒருவர் மறுபடி கொழும்புக்குப் போக வேண்டியிருக்கும்.