எல்லாரும் சரியாக எழுதினால் கேள்வியைச் சந்தேகப்படுங்கள்

கேள்வி: என் பிபிடியில் உள்ள முக்கியமான ஸ்லைடுகளில் இருந்து பாட முடிவில் கேட்கும் எக்ஸிட் டிக்கெட் கேள்விகளை எப்படித் தயாரிப்பது? ஸ்லைடில் இருப்பதைக் கேட்டால் எல்லாரும் சரியாக எழுதிவிடுகிறார்கள், ஆனால் தேர்வில் தடுமாறுகிறார்கள்.

நீங்களும் எங்களைப் போல 45 நிமிடப் பீரியடில், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் இதைச் செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பதினைந்து பேர் இருக்கும் வகுப்பு என்றால் சீட்டே வேண்டாம், முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு டீச்சர் மின்னோட்டவியலுக்கு நல்ல உழைப்பில் ஒரு பிபிடி செய்திருந்தார். தொடரிணைப்புக்கு மட்டும் இருபதுக்கு மேல் ஸ்லைடுகள். சீட்டில் அவர் கேட்டது: “தொடரிணைப்பில் மின்னோட்டம் எவ்வாறு இருக்கும்?” வகுப்பு முழுக்க “எல்லா இடத்திலும் சமம்”. மறுநாள் பக்க இணைப்பு ஆரம்பித்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை. “நேத்து எல்லாரும் சரியாத்தானே சார் எழுதினாங்க?” என்று ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்தார். நீங்கள் கேட்டிருப்பதும் அதேதான், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் காரணம் அற்பமானது. “நினைவில் கொள்க” என்ற கடைசி ஸ்லைடு திரையிலேயே நின்றிருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஸ்லைடு ஷோ ஓடும்போது கீபோர்டில் `B` தட்டினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி தட்டினால் திரும்ப வரும். சீட்டு கொடுக்கும் முன் அதைத் தட்டுங்கள். இதைச் சொன்னதற்கு ஒரு மூத்த ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும், அவர் வகுப்பிலும் திரை எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

உண்மையான காரணம், எந்த ஸ்லைடு முக்கியம் என்பதில் இருக்கிறது. நாம் எல்லாரும் கடைசித் தொகுப்பு ஸ்லைடையோ, வரையறை ஸ்லைடையோ எடுத்துக்கொள்கிறோம். அவற்றில் வாக்கியம் தயாராக இருக்கிறது, கேள்விக்குறி போட்டால் போதும். அப்படிப்பட்ட கேள்வி அந்த வாக்கியம் ஞாபகம் இருக்கிறதா என்பதை மட்டும்தான் காட்டும். நான் செய்வது இது: View-இல் Slide Sorter போட்டு எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்ப்பேன். ஒவ்வொரு ஸ்லைடையும் விரலால் மறைத்து, இது புரியாத பிள்ளைக்கு அடுத்த ஸ்லைடு புரியுமா என்று கேட்டுக்கொள்வேன். புரியும் என்றால் அது முக்கியமான ஸ்லைடு இல்லை. தலைப்பு, கற்றல் விளைவுகள், விஞ்ஞானி படம், வரையறை, தொகுப்பு எல்லாம் இதில் விழுந்துவிடும். டீச்சரின் பிபிடியில் இரண்டே இரண்டு மிஞ்சின. ஒன்று, மின்விளக்கைக் கடந்த பிறகும் மின்னோட்டம் குறைவதில்லை என்று காட்டும் சுற்றுப்படம். இன்னொன்று, மின்னழுத்தம் மின்தடைக்கு ஏற்றபடி பிரிகிறது என்று காட்டும் கணக்கு.

இரண்டு ஸ்லைடு, இரண்டு கேள்வி. மூன்றாவது வைத்தால் நேரம் போதாது, பெல் அடிக்கும்போது பாதிப் பேர் பக்கத்துச் சீட்டைப் பார்ப்பார்கள்.

அந்தக் கணக்கு ஸ்லைடைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. 10 வோல்ட் மின்கல அடுக்கு, தொடரில் இரண்டு 5 ஓம் மின்தடைகள். மொத்தம் 10 ஓம், மின்னோட்டம் 1 ஆம்பியர், ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட். சுத்தமான கணக்கு. ஆனால் “இரண்டு மின்தடை இருந்தால் வோல்ட்டை ரெண்டால வகுத்துடணும்” என்று நினைக்கும் பிள்ளைக்கும் 5தான் வரும். மின்தடையின் எண்ணையே எடுத்து எழுதும் பிள்ளைக்கும் 5தான். தப்பான வழியில் போனவனுக்கும் சரியான விடை கிடைக்கும் எண்கள் இவை. ஸ்லைடில் இருக்கலாம், விளக்குவதற்கு எளிது. சீட்டுக்கு வரக்கூடாது.

நாங்கள் இப்படி மாற்றினோம்:

“6 வோல்ட் மின்கல அடுக்குடன் 5 ஓம், 10 ஓம் மின்தடைகள் தொடரில் உள்ளன. 5 ஓம் மின்தடையின் முனைகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு? அ) 2 ஆ) 3 இ) 4 ஈ) 6 வோல்ட். ஏன் என்று ஒரு வரி.”

மொத்தம் 15 ஓம், 6 / 15 = 0.4 ஆம்பியர், V = IR போட்டால் 2 வோல்ட். இப்போது தப்பு விடைகளைப் பாருங்கள். 3 எழுதியவன் சரிபாதியாகப் பிரித்தவன். 4 எழுதியவன் பிரியும் என்று தெரிந்தும் விகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தவன். 6 எழுதியவனுக்கு மின்கலத்தின் முழு வோல்ட்டும் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிறது, அதாவது இன்னும் நடத்தாத பக்க இணைப்பு அவன் தலையில் ஓடுகிறது. ஒவ்வொரு தப்பு விடைக்கும் பின்னால் ஒரு ஆள் நிற்கிறான். யாரும் நம்பாத எண்ணை, 60 வோல்ட் மாதிரி, இடத்தை நிரப்ப வைத்தால் அந்த வரி வீண். இதற்கு ஒரு சோதனை உண்டு: ஒரு விடையை யார், எப்படி யோசித்து எழுதுவார்கள் என்று உங்களால் சொல்ல முடியவில்லையா, அதை எடுத்துவிடுங்கள். மூன்று விடை போதும், நான்கு கட்டாயமில்லை.

முதல் ஸ்லைடுக்கான கேள்வியில் நாங்கள் எண்ணே வைக்கவில்லை. ஒரே மாதிரியான A, B என்ற இரண்டு மின்விளக்குகள் தொடரில் உள்ளன, A நேர்முனைக்கு அருகில். எது பிரகாசமாக எரியும்? ஏன்? எண் வைக்காததற்குக் காரணம் இருக்கிறது. அங்கேயே 0.4 ஆம்பியர் என்று கொடுத்தால், இரண்டாவது கேள்விக்கு 0.4-ஐ 5-ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது. ஒரு கேள்வி இன்னொன்றுக்கு விடை சொல்லக்கூடாது. சீட்டை அச்சடிக்கும் முன் இரண்டையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மின்னோட்டம் விளக்கில் செலவாகிவிடுகிறது என்ற எண்ணம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதில்லை. 1980களில் நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்து, அவர்கள் மின்னோட்டத்தை எப்படியெல்லாம் கற்பனை செய்கிறார்கள் என்று வகைப்படுத்தினார். போகும் கம்பியில் அதிகம், திரும்பும் கம்பியில் குறைவு என்பது அதில் ஒன்று. நீங்கள் எந்தப் பாடம் எடுத்தாலும், அந்தப் பாடத்தில் பிள்ளைகள் வழக்கமாக எங்கே வழுக்குகிறார்கள் என்பது பழைய விடைத்தாள் கட்டில் இருக்கிறது. புது விடைகளை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டாம், அந்தக் கட்டைப் பிரியுங்கள்.

“ஏன்” என்று ஒரு வரி கேட்பது அதிக வேலை என்று யாராவது சொல்வார்கள். நான்கு விடைக் கேள்வியில் நாற்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சுமார் பத்துப் பேருக்குச் சரியாக விழும். அது ஒரு பக்கம். அன்று ஒரு பெண் எழுதியிருந்தாள்: “ரெண்டும் ஒரே அளவு எரியும், ஏன்னா கரண்ட்டை ரெண்டும் பாதி பாதியா எடுத்துக்கும்.” விடை முழுக்கச் சரி, காரணம் முழுக்கத் தப்பு. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவள் சரியான கட்டுக்குள் போயிருப்பாள்.

கட்டு என்றேன். மார்க் போடாதீர்கள். பெயர் எழுதச் சொல்லுங்கள், மார்க் வேண்டாம். மார்க் என்றதும் பார்த்து எழுதுவார்கள். சீட்டுகளைப் படித்து மூன்று கட்டாகப் பிரிப்பேன்: விடையும் காரணமும் சரி, விடை மட்டும் சரி, இரண்டும் இல்லை. மூன்றாவது கட்டில் எந்தத் தப்பு அதிகம் என்று மட்டும் பார்ப்பேன். அன்று ஏறக்குறைய பாதி வகுப்பு 3 வோல்ட். அதனால் டீச்சர் மறுநாள் பாடத்தைத் திரும்ப நடத்தவில்லை. ஆய்வகத்திலிருந்து 5 ஓம், 10 ஓம் கம்பிச்சுருள்களையும் நான்கு 1.5 வோல்ட் மின்கலங்களையும் கொண்டுவந்து, வோல்ட்மீட்டரை முதலில் ஒன்றின் மேல், பிறகு மற்றதன் மேல் வைத்துக் காட்டினார். பழைய மின்கலம், அகமின்தடையில் கொஞ்சம் போய்விடும், அதனால் மொத்தம் 6 வரவில்லை. ஆனால் ஒன்று மற்றதைப் போல இரு மடங்காக இருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. பீரியடின் முதல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இங்கே ஒரு ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன். இந்தச் சீட்டுகளைக் கோப்பில் தைத்து வைக்கச் சொல்கிறார்கள். பார்வையிட வந்தவர் ஒருவர் எங்கள் கோப்பை எடுத்து, சீட்டு எத்தனை என்று எண்ணினார். ஒன்றையாவது படித்துப் பார்க்கவில்லை. போகும்போது “தேதி இல்லையே” என்றார். அதன்பிறகு சிலர் தேதி போட்டு, சுலபமான கேள்வி கேட்டு, எல்லாரும் சரி என்று காட்டிக் கோப்பை நிரப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, பதிவேற்றும் வேலையே பாதி நாளைத் தின்றுவிடுகிறது. சரி, அதை விடுங்கள்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். கேள்வியை முந்தின நாளே எழுதிவிடுவீர்கள், ஆனால் வகுப்பில் அந்த ஸ்லைடு வரை போய்ச் சேராமல் போகலாம். ஒத்திகை என்று பத்து நிமிடம் பிடுங்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் கரண்ட் போகும். அதனால் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஸ்லைடு எண்ணைக் குறித்து வையுங்கள். 9ஆம் ஸ்லைடோடு நின்றால் முதல் கேள்வி மட்டும். நடத்தாததைக் கேட்டு வாங்கிய சீட்டை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

உங்கள் பாடம் எது என்று எழுதவில்லை. கணக்கு என்றால் எடுத்துக்காட்டுக் கணக்கு ஸ்லைடுதான் பெரும்பாலும் மிஞ்சும். அதில் எண்ணை மட்டும் மாற்றாதீர்கள், குறியை மாற்றுங்கள். ஸ்லைடில் 3(x + 2) = 12 இருந்தால் சீட்டில் 12 − 3(x + 2) = 0 வையுங்கள். விடை இரண்டிலும் x = 2தான். ஆனால் கழித்தல் குறியை அடைப்புக்குள் கொண்டுபோகாமல் 12 − 3x + 6 என்று விரிப்பவனுக்கு 6 வரும், 3-ஆல் முதல் உறுப்பை மட்டும் பெருக்கி 12 − 3x − 2 என்று எழுதுபவனுக்கு 10/3 வரும். சமூக அறிவியலுக்கு எனக்கு அனுபவம் இல்லை, அந்த டீச்சர்கள் யாராவது எழுதினால் நானும் படிப்பேன்.