வெள்ளிக்கிழமை ஞாபகத்தில் எழுதும் மணிக்கணக்கு

"கிண்டியில் எட்டு பேர் கொண்ட கன்சல்டிங் டீம் நடத்துகிறேன். ஆளுக்கு மூன்று, நான்கு கிளையன்ட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் எக்செல்லில் மணிக்கணக்கு எழுதுவார்கள். போன மாதம் ஒரு கிளையன்ட் பில்லை ஏற்க மறுத்துவிட்டார். டைமர் ஆப் வாங்கலாமா?"

முதலில் போன மாத டைம்ஷீட்டைத் திறந்து பாருங்கள். 2, 4, 8 என்று முழு எண்களாகவே இருந்தால் அது ஞாபகத்தில் எழுதிய கணக்குதான். திங்கட்கிழமை பேசிய பத்து நிமிட போன்கால் வெள்ளிக்கிழமை யாருக்கும் நினைவிருக்காது, அது ஒன்று விட்டுப்போகும், இல்லையென்றால் எந்த கிளையன்ட் பெரியவரோ அவர் தலையில் ஏறும்.

டைமரை எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டாம் என்பது என் கருத்து. நாள் முழுக்க ஒரே கிளையன்ட் ஆபீஸில் உட்காருபவருக்கு அது தேவையே இல்லை. மணிக்கு நான்கு முறை வேலை மாறுபவருக்குத்தான் அது உதவும், ஆனால் அவர்தான் அதை நிறுத்தவும் மறப்பார். சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஓடிய பதிவு வந்தால் அதுதான் அடையாளம். அதனால் அன்றைய கணக்கை அன்றே, வீட்டுக்குக் கிளம்புமுன், காலண்டரையும் போன்கால் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதுதான் அடிப்படை முறையாக இருக்கட்டும். டைமர் வேண்டும் என்பவர் மட்டும் கூடவே வைத்துக்கொள்ளட்டும்.

பில் சண்டை பெரும்பாலும் வருவது ரவுண்டிங்கில். ஒரே நாளில் ஒரு கிளையன்டிடம் 7, 8, 10 நிமிடங்கள் என மூன்று முறை பேசினீர்கள் என்று வையுங்கள். உண்மையில் 25 நிமிடம். ஒவ்வொரு போன்காலையும் 15 நிமிடமாக உயர்த்தினால் 45 நிமிடம் ஆகிவிடும், மணிக்கு 2,000 ரூபாய் என்றால் பில் 1,500 ரூபாய். அதையே நாள் மொத்தமாகக் கூட்டி, மணியில் பத்தில் ஒரு பங்கான 6 நிமிட அலகுக்கு உயர்த்தினால் 30 நிமிடம், 1,000 ரூபாய். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், கிளையன்ட் கேள்வி கேட்டால் தயங்காமல் விளக்க முடியும். எந்த அலகு, ஒவ்வொரு பதிவுக்கா நாள் மொத்தத்துக்கா, ஸ்ரீபெரும்புதூர் வரை போய்வரும் பயண நேரத்துக்குக் கட்டணம் உண்டா என்பதையெல்லாம் வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

அப்புறம் விவரம். 'மீட்டிங், 2 மணி' என்றால் யார் காசு கொடுப்பார்? 'சம்பளப் பட்டியல் மாற்றம், 2-வது வரைவில் ஹெச்ஆர் சொன்ன திருத்தங்கள், 1.4 மணி' என்று இருந்தால் கிளையன்டுக்கே அந்த நாள் நினைவுக்கு வரும்.

திங்கள் காலை டீம் லீடர் ஒருவர் முந்தைய வாரப் பதிவுகளை ஒருமுறை பார்த்து மூடிவிடட்டும். பில் போன பிறகு மணி குறைந்தால் ஜிஎஸ்டிக்காக கிரெடிட் நோட் போட வேண்டிவரும், அந்த வேலைக்கு யாரும் உங்களுக்குக் காசு தரமாட்டார்கள்.