குடுவைச் செடி பழுப்பாகிறதா? கேள்விகளும் பதில்களும்

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, நர்சரியில் தொங்கு தொட்டியோடு நெப்பந்தஸ் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. வாங்கும்போது நிறைய குடுவை இருந்தது, இப்போது பாதிக்கு மேல் பழுப்பாகிக் காய்ந்துவிட்டது. புதிதாக வருகிற இலையும் நுனி கருகியே வருகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். பிழைக்குமா?

பிழைக்கும். ஆனால் இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

குடுவை காய்வது பெரும்பாலும் நோய் இல்லை. ஒரு குடுவைக்குச் சில மாத ஆயுள்தான், அப்புறம் மூடியில் ஆரம்பித்து வாய் விளிம்பு வழியாக மேலிருந்து கீழே காயும். நர்சரியில் ஈரமான நிழல்வலைக்குள் இருந்த செடியை பால்கனிக் காற்றுக்குக் கொண்டுவந்தால் எல்லாக் குடுவையும் ஒரே சமயத்தில் காய்வதும் உண்டு. அடிப்பாகம் பச்சையாக இருக்கும்வரை வெட்டாதீர்கள், அதற்குள் கிடக்கும் பூச்சியிலிருந்து செடி இன்னும் சத்து எடுத்துக்கொண்டிருக்கும். முழுதும் காய்ந்த பிறகு குடுவையை மட்டும் நறுக்குங்கள், இலையைத் தொடாதீர்கள்.

கவலைப்பட வேண்டியது அந்தப் புது இலை நுனிதான். அது தண்ணீரின் வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கி அளந்துவிட்டுச் சொல்லுங்கள். 50க்குள் இருந்தால் கவலையே இல்லை, 100 வரை தாங்கும். தொட்டி விளிம்பிலும் மேல் மண்ணிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அவரே மறுபடியும்: அளந்தேன், 800 காட்டுகிறது. பொருக்கும் இருக்கிறது, இவ்வளவு நாள் அது பூஞ்சை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

800 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 800 மில்லிகிராம் உப்பு. ஒரு தடவைக்குக் கால் லிட்டர் ஊற்றினால் 200 மில்லிகிராம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் மாதத்துக்கு 3 கிராம், அதாவது அரை டீஸ்பூன் உப்பை அந்தச் சின்னத் தொட்டியில் தூவியதற்குச் சமம். பாதி கீழே வடிந்துபோனாலும் மீதி அங்கேயேதான் தங்கும், ஏனென்றால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. சத்தே இல்லாத மண்ணில் வளர்ந்து பழகிய வேர் இது, கறுப்பாக, மெல்லிசாக, தொட்டால் உடைகிற மாதிரி இருக்கும். செம்பருத்தி தாங்குவதை இது தாங்காது.

செய்ய வேண்டியது: மழைத் தண்ணீரோ ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீரோ பிடித்து, தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு, மெதுவாக மேலிருந்து ஊற்றி முழுதும் வடியவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. வடிகிற தண்ணீரையே மீட்டரில் அளந்து பார்த்தால் உப்பு இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஒன்று, கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. இப்போது விரிகிற இலையும் ஏற்கெனவே அடிபட்டதுதான், அதற்கு அடுத்த இலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒன்றிரண்டு மாதம் பொறுமை வேண்டும்.

மதுரையிலிருந்து: நான் ஆரம்பத்திலிருந்தே ஆர்.ஓ. தண்ணீர்தான். அது சுத்தமானதுதானே, அப்படியும் நுனி கருகுகிறது. போர் தண்ணீரையே கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும் என்று என் மாமா சொல்கிறார்.

ஆர்.ஓ. என்பது சரி, ஆனால் எந்த ஆர்.ஓ.? குடிப்பதற்கு ருசியாக இருக்கட்டும் என்று வீட்டு மெஷின்கள் பலவற்றில் கொஞ்சம் தாது உப்பைத் திரும்பக் கலந்துவிடுவார்கள், அதனால் குழாயில் 100, 150 வருவது சகஜம். அளந்து பாருங்கள். அதிகமாக இருந்தால் சர்வீஸ் ஆளிடம் சொல்லி டிடிஎஸ் திருகைக் குறைக்கலாம், ஆனால் அதே தண்ணீரைத்தான் வீட்டில் எல்லோரும் குடிக்கிறீர்கள் என்பதால் நான் செடிக்கு மட்டும் மழைநீர் சேர்த்துவைக்கவே சொல்வேன். இன்னொன்று, கழிவுக் குழாய்த் தண்ணீரை எடுத்து ஊற்றவில்லையே? அதில் மெஷினுக்குள் போகும் தண்ணீரைவிட உப்பு அதிகமாக இருக்கும்.

மாமாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: கொதித்தால் கிருமி சாகும், கொஞ்சம் சுண்ணாம்பு அடியில் படியும், மிச்ச உப்பு அப்படியே இருக்கும். நீர் வற்றியதில் கூடினாலும் கூடும்.

இரண்டும் சரியாக இருந்தால் கோகோபீட்டைச் சந்தேகப்படுங்கள். கழுவாத கோகோபீட்டிலேயே நிறைய உப்பு உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, எங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி, குடிக்கிறதும் அதுதான். சிங்கராஜாப் பக்கம் இந்தச் செடி காட்டிலயே வளருதாம். அப்ப இலங்கைத் தண்ணி இதுக்குச் சரிதானே?

காட்டில் வளர்வது உண்மைதான் தம்பி, அது இலங்கைக்கே உரிய நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியா. ஆனால் அது இருப்பது தென்மேற்கு ஈரவலயத்தில், மழை ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கிற மண்ணில். உங்களுடையது சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து ஊறுகிற தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான் தொட்டியிலும் படிகிறது. குடிக்க நல்லது, இந்தச் செடிக்கு ஆகாது. மாரி மழையில் பிளாஸ்டிக் பரலில் பிடித்து மூடிவையுங்கள், முதல் மழையின் கூரை அழுக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

சென்னையிலிருந்து இன்னொருவர்: ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஸ்பிரே பண்ணுகிறேன் அண்ணா. இலை நன்றாகப் பச்சையாக வருகிறது, ஆனால் குடுவையே வரவில்லை. ஈரப்பதம் இன்னும் வேண்டுமா?

உங்கள் செடி எங்கே தொங்குகிறது? கூடத்தில் என்றால் வெளிச்சம்தான் குறை. கடற்கரை ஊரில் காற்றில் ஈரம் ஏற்கெனவே இருக்கிறது, நர்சரியில் கிடைக்கிற வென்ட்ராட்டா கலப்பினத்துக்கு 50, 60 சதவீதமே போதும். ஸ்பிரே செய்த ஈரம் சில நிமிடத்தில் போய்விடும், குழாய்த் தண்ணீரை அடித்தால் இலையில் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும்.

இலை நுனியில் நீளும் கம்பியின் முனையை உற்றுப் பாருங்கள். அங்கே குண்டூசித் தலை அளவு மொட்டு தோன்றி, பிறகு கறுத்துக் காய்ந்தால் காற்று வறட்சி, ஏசி அறையில் இதுதான் நடக்கும். மொட்டே பருக்காமல் கம்பி சும்மா நீண்டு நின்றால் வெளிச்சப் பற்றாக்குறை. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படும்படி மாற்றுங்கள், ஒரே நாளில் அல்ல, படிப்படியாக. இலை லேசாகச் சிவந்தால் பயப்பட வேண்டாம்.

திருச்சியிலிருந்து: என் பையன் ஆசையாக ஒவ்வொரு குடுவையிலும் சிக்கன் துண்டு போட்டான். இரண்டு நாளில் நாற்றம், குடுவை அடியிலிருந்து கறுக்கிறது. செரிக்கும் என்றுதானே சொல்கிறார்கள்?

எறும்பைச் செரிக்கும், பிரியாணியை அல்ல. இறைச்சித் துண்டு செரிப்பதற்குள் அழுகிவிடுகிறது, அந்த அழுகல் குடுவைச் சுவரையும் தின்கிறது. அடியிலிருந்து கறுப்பது அதற்குத் தெளிவான அடையாளம், வயதான குடுவை மேலிருந்துதான் காயும் என்று மேலே சொன்னேன். கவிழ்த்துக் கொட்டி, சுத்தமான தண்ணீர் கொஞ்சம் விட்டு அலசுங்கள், மிகவும் கறுத்ததை வெட்டிவிடுங்கள்.

பட்டினியால் சாகாது. சாப்பாட்டை வெயிலில்தான் தயாரிக்கிறது, பூச்சியிலிருந்து எடுப்பது தழைச்சத்து, மணிச்சத்து மாதிரியானவை. பால்கனியில் இருந்தால் எறும்பு தானாக வந்து விழும். பையனுக்கு ஆசையாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு குடுவையில், மீன் தீனி உருண்டை இரண்டு மூன்று போடச் சொல்லுங்கள்.

கடலூரிலிருந்து: கொசுத் தொல்லை தாங்கவில்லை சார். இரண்டு படுக்கையறைக்கு எத்தனை செடி வைக்கணும்?

கொசுவலை வாங்குங்கள். இதில் விழுவது பெரும்பாலும் எறும்பு. காட்டில் சில கொசு இனங்கள் இந்தக் குடுவைக்குள்ளேயே முட்டையிட்டு வளர்கின்றன.

கோவையிலிருந்து: ஒரு சின்ன மறுப்பு. நீங்கள் உரமே கூடாது என்பீர்கள் என்று நினைக்கிறேன். மெதுவாகக் கரைகிற உர உருண்டை ஒன்றைக் குடுவைக்குள் போடுகிறேன், செடி பிரமாதமாக வளர்கிறது.

வேரில் டிஏபி, மண்புழு உரம் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. குடுவைக்குள் உருண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள், பலருக்கு நன்றாக வருகிறது, சிலருக்கு அந்தக் குடுவை கருகுகிறது. நம் வெயிலில் உருண்டை வேகமாகக் கரைவதால் அப்படி ஆகலாம் என்பது என் ஊகம். நான் செய்வதில்லை. நீங்கள் செய்வதானால் உருண்டை போட்ட குடுவை மற்றவற்றைவிட முன்னதாகக் காய்கிறதா என்று குறித்துவைத்து இங்கே எழுதுங்கள், கோடையில் எப்படி, மழைக்காலத்தில் எப்படி என்று தனித்தனியாக.